வெறும் வயிற்றில் 92, எச்பிஏ1சி 6.6: இரண்டும் ஒத்துப்போகாதபோது என்ன செய்வது?

போன மார்ச்சில் என் அக்கா போனில் கூப்பிட்டாள். "எனக்கு சுகர் வந்துடுச்சாம்டா, மாத்திரை எழுதிட்டாங்க." வாட்ஸாப்பில் ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்தேன். வெறும் வயிற்றுச் சர்க்கரை 92. எச்பிஏ1சி 6.6. முதலாவதைப் பார்த்தால் சர்க்கரையே இல்லை. இரண்டாவதைப் பார்த்தால் சர்க்கரை நோய். ஒரே நாள், ஒரே கை, ஒரே ஊசி.

இந்த முடிச்சை அவிழ்க்க எங்களுக்கு ஐந்தரை மாதம் ஆனது. அதில் பாதி நாளும் கொஞ்சம் பணமும் வீண்தான். உங்கள் கையிலும் இப்படி ஒத்துப்போகாத ரிப்போர்ட் இருந்தால், எந்த வரிசையில் பார்க்க வேண்டும் என்று எழுதுகிறேன். நான் மருத்துவர் இல்லை. மாத்திரையை ஆரம்பிப்பதும் நிறுத்துவதும் உங்கள் டாக்டர் வேலை. அவர் முன்னால் சரியான காகிதங்களோடு உட்காருவது நம் வேலை.

ஒரு விஷயம் முதலிலேயே: அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர், காரணமில்லாமல் எடை குறைவது இவை இருந்து, எந்த நேரத்தில் எடுத்த சர்க்கரையாவது 200ஐத் தாண்டியிருந்தால் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு இன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

1. இரண்டு எண்ணும் எதை அளக்கின்றன என்று பிரித்துக்கொள்ளுங்கள்

வெறும் வயிற்றுச் சர்க்கரை என்பது அந்தக் காலை, அந்த நிமிடத்து அளவு. 100க்குக் கீழே இயல்பு, 126 அல்லது அதற்கு மேல் சர்க்கரை நோய், இடைப்பட்டது எல்லைக்கோடு.

எச்பிஏ1சி சர்க்கரையை நேராக அளப்பதே இல்லை. ரத்தச் சிவப்பணுவுக்குள் இருக்கும் ஹீமோகுளோபினில் எத்தனை சதவீதத்தில் சர்க்கரை ஒட்டியிருக்கிறது என்று பார்க்கிறது. சிவப்பணு சுமார் 120 நாள் உயிரோடு இருக்கும். அது சுற்றிவரும் நாள் முழுக்கச் சர்க்கரை ஒட்டிக்கொண்டே போகும். ஆகவே இது கடந்த இரண்டு மூன்று மாதத்தின் சராசரியைக் காட்டும், அதிலும் கடைசி ஒரு மாதத்தின் பங்கு அதிகம். 5.7க்குக் கீழே இயல்பு, 6.5 அல்லது அதற்கு மேல் சர்க்கரை நோய்.

இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவர ஒரு கணக்கு இருக்கிறது:

```
சராசரி சர்க்கரை = 28.7 × எச்பிஏ1சி − 46.7
```

அக்காவின் 6.6ஐப் போட்டால் 143 வருகிறது. அதாவது இரவும் பகலும் சேர்த்து அவள் சராசரி 143 இருந்திருக்க வேண்டும். காலையில் 92 இருப்பவருக்குச் சராசரி 143 வர இரண்டே வழிதான் பெரும்பாலும். ஒன்று, சாப்பிட்ட பிறகு சர்க்கரை ரொம்ப ஏறுகிறது. அல்லது, சர்க்கரை ஏறவில்லை, சிவப்பணுவில்தான் ஏதோ கோளாறு, அதனால் எண் பொய் சொல்கிறது. அடுத்து வரும் எல்லா வேலையும் இந்த இரண்டில் எது என்று கண்டுபிடிக்கத்தான்.

6.4க்கும் 6.6க்கும் நடுவே தலையைப் பிய்த்துக்கொள்ளாதீர்கள். ஒரே ரத்தத்தை இரண்டு லேபில் கொடுத்தாலே தசமத்தில் இரண்டு மூன்று புள்ளி மாறும்.

2. ரத்தம் எடுத்த விதத்தைச் சரிபாருங்கள்

இதற்குச் செலவு எதுவும் இல்லை. ரிப்போர்ட்டின் மேல் ஓரத்தில் ரத்தம் எடுத்த நேரம், மாதிரி லேபுக்கு வந்துசேர்ந்த நேரம் என்று இரண்டு அச்சாகியிருக்கும். நடுவே எத்தனை மணி நேரம் என்று பாருங்கள். குழாயில் இருக்கும் ரத்த அணுக்கள் அதிலுள்ள சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும். எதுவும் கலக்காத குழாயில் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் வரை குறைந்துவிடும். அதனால்தான் சர்க்கரைக்கு ஃப்ளோரைடு போட்ட சாம்பல் மூடிக் குழாயில் எடுப்பார்கள். அந்த ஃப்ளோரைடும் முழுதாக வேலை செய்ய ஒன்றிரண்டு மணி நேரம் பிடிக்கும். வீட்டுக்கு வந்து எடுத்துப்போகும் பையன் இன்னும் ஆறு வீடு சுற்றிவிட்டு மதியம் கொண்டுபோய்ச் சேர்த்தால், உங்கள் 104 அங்கே 95 ஆகியிருக்கலாம். எச்பிஏ1சிக்கு எடுக்கும் ஊதா மூடிக் குழாய்க்கு இந்தத் தொல்லை இல்லை.

அப்புறம் உங்கள் பக்கம்: எட்டு மணி நேரமாவது தண்ணீர் தவிர எதுவும் உள்ளே போகாமல் இருந்தீர்களா? "காபி மட்டும்தானே" என்பது நம் வீடுகளில் எப்போதும் நடப்பது. அது வெறும் வயிறு ஆகாது.

அக்கா விஷயத்தில் இந்தப் பக்கம் சுத்தம். 7.10க்கு எடுத்து 7.40க்குப் போயிருந்தது.

3. இன்னொரு லேபில் எச்பிஏ1சி எடுக்க ஓடாதீர்கள்

நாங்கள் விழுந்த முதல் குழி இது. "லேப் தப்பா இருக்கும்" என்று வேறு லேபில் 550 ரூபாய் கொடுத்து மறுபடி எடுத்தோம். 6.7 வந்தது. அக்கா அழுதேவிட்டாள். இரண்டு லேப் ஒரே மாதிரி சொல்கிறதே, இனி என்ன சந்தேகம் என்று எனக்கும் தோன்றியது.

பொதுவான விதி என்னவோ அதுதான்: இரண்டு பரிசோதனை முரண்பட்டால், எது கோட்டைத் தாண்டியிருக்கிறதோ அதையே மறுபடி எடுக்க வேண்டும், மறுபடியும் தாண்டினால் நோய் உறுதி. ஆனால் எச்பிஏ1சியைக் கெடுக்கும் வேறு காரணம் உடம்பில் இல்லாத ஆளுக்குத்தான் அந்த விதி. கோளாறு லேபில் இல்லாமல் சிவப்பணுவில் இருந்தால், பத்து லேபும் அதே தவறான எண்ணைத் துல்லியமாக அளந்து கொடுக்கும்.

4. ரத்த அணுப் பரிசோதனையைத் தேடிப் படியுங்கள்

முழு உடல் பரிசோதனைப் பொட்டலத்தில் எடுத்திருந்தால் இது ஏற்கெனவே உங்கள் கையில் இருக்கும். சிபிசி என்ற தலைப்பில் ஒரு பக்கம். அக்காவின் ரிப்போர்ட்டில் நான்காம் பக்கம். முதல் பக்கத்தில் சிவப்பு மையில் 6.6ஐ வட்டம் போட்டுக்கொடுத்த இடத்தில் யாரும் நான்காம் பக்கத்தைத் திருப்பவில்லை. நாங்களும்தான்.

இரண்டாவதாகப் பார்த்த பொதுமருத்துவர் பக்கத்தைப் புரட்டிவிட்டு முதலில் கேட்டது, "மாசா மாசம் அதிகமா படுதாம்மா?" என்றுதான். ஹீமோகுளோபின் 8.9 இருந்தது. பெண்களுக்கு 12 இருக்க வேண்டும். அதற்கு இரண்டு வரி கீழே எம்சிவி என்று ஒன்று, சிவப்பணுவின் சராசரி அளவு. 80க்கு மேல் இருக்க வேண்டியது 68. சின்னச் சின்ன, வெளிறிய அணுக்கள். இரும்புச்சத்து இல்லாத ரத்தம் இப்படித்தான் இருக்கும். உறுதிப்படுத்த ஃபெரிட்டின் எடுக்கச் சொன்னார், 750 ரூபாய். ஃபெரிட்டின் உடம்பில் இருக்கும் இரும்புக் கையிருப்பைக் காட்டும். 15க்குக் கீழே போனால் கையிருப்பு காலி என்று அர்த்தம். அவளுக்கு 6.

இரும்புச்சத்துக் குறைவு எச்பிஏ1சியை ஏற்றிக்காட்டும். ஏன் என்பதற்கு முக்கியமாகச் சொல்லப்படும் விளக்கம் எளிமையானது: இரும்பு இல்லாவிட்டால் புது அணுக்கள் மெதுவாகத்தான் உற்பத்தியாகும். அதனால் ஓடிக்கொண்டிருப்பவற்றில் வயதான அணுக்களே அதிகம். வயதான அணு அதிக நாள் சுற்றியிருக்கிறது, அதிகச் சர்க்கரை ஒட்டியிருக்கிறது. பழைய பஸ்ஸில் தூசி கூடுதலாகப் படிந்திருப்பது போல. அதைப் பார்த்து ரோட்டில் தூசி அதிகம் என்று சொல்ல முடியாது.

இங்கே இரண்டு எச்சரிக்கை. உடம்பில் காய்ச்சலோ தொற்றோ வீக்கமோ இருக்கும்போது ஃபெரிட்டின் தானாகவே ஏறும், குறைவு இருந்தும் இயல்பு போலத் தெரியும். ஆகவே உடம்பு சரியில்லாத வாரத்தில் எடுக்காதீர்கள். இரண்டாவது, எம்சிவி குறைவாக இருந்து ஃபெரிட்டின் நன்றாக இருந்தால் அது தலசீமியாப் பண்பாக இருக்கலாம். பரம்பரையாக வருவது, இரும்பு மாத்திரை அதற்கு உதவாது. அப்படியென்றால் டாக்டர் வேறு பரிசோதனை எழுதுவார். பரம்பரையாக வரும் ஹீமோகுளோபின் மாறுபாடுகளும் சில லேப் முறைகளில் எச்பிஏ1சியைத் தாறுமாறாக்கும்.

ரத்தசோகை என்றாலே எச்பிஏ1சி ஏறும் என்று நினைத்துவிடாதீர்கள். அணுக்கள் சீக்கிரம் அழியும் ரத்தசோகையிலும், சமீபத்தில் ரத்தம் இழந்தவர்களுக்கும் அது இறங்கிக்காட்டும். அவர்கள் உடம்பில் இளம் அணுக்களே அதிகம் என்பதால்.

5. சாப்பிட்ட பிறகு என்ன ஆகிறது என்று பாருங்கள்

ரத்தசோகை இருக்கிறது என்பதால் சர்க்கரை இல்லை என்று ஆகிவிடாது. இரண்டும் சேர்ந்தே இருக்கலாம். அதனால் இந்தப் படியைத் தாண்டக் கூடாது. ரத்தசோகை இல்லாதவருக்கு இதுதான் முக்கியமான படி.

எங்கள் எதிர்வீட்டு சார் ஓய்வுபெற்ற ஆசிரியர். அவர் கதை இதற்கு நேர் உதாரணம். வெறும் வயிற்றில் 108, எச்பிஏ1சி 7.4, ஹீமோகுளோபின் 14.2. அவருக்கு எண் பொய் சொல்லவில்லை. ராத்திரி எட்டு மணிக்கு இரண்டு தோசையோடு முடித்துக்கொள்வார், காலையில் சர்க்கரை அடங்கியிருக்கும். மதியம் தட்டு நிறையச் சோறு, சாம்பாருக்கு ஒரு தரம், ரசத்துக்கு ஒரு தரம், மோருக்கு ஒரு தரம். இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் 246. வருஷா வருஷம் வெறும் வயிற்றில் மட்டும் பார்த்து "எனக்கு சுகர் இல்லை" என்று சொல்லிக்கொண்டிருந்தவர்.

வீட்டிலேயே பார்ப்பது இப்படி. குளுக்கோமீட்டர் கடன் வாங்கினாலும் போதும். 25 பட்டை வாங்கினால் போதும், எங்களுக்கு 600 ரூபாய் ஆனது. ஒரு வாரத்தில் மூன்று நாள் தேர்ந்தெடுத்து, காலை வெறும் வயிறு, மூன்று வேளையும் சாப்பிட ஆரம்பித்து இரண்டு மணி நேரம் கழித்து என்று ஒரு நாளைக்கு நான்கு முறை. நேரம், என்ன சாப்பிட்டீர்கள், எண் மூன்றையும் ஒரே காகிதத்தில் எழுதுங்கள். சர்க்கரை நோய் இல்லாதவருக்குச் சாப்பிட்ட இரண்டு மணி நேரத்தில் 140க்குக் கீழே வந்துவிடும்.

எல்லாரும் தவறுவது நான்கு இடத்தில்.

இரண்டு மணி நேரம் முதல் கவளத்தில் இருந்து, கை கழுவியதில் இருந்து இல்லை.

பரிசோதனை நாளன்று மட்டும் இரண்டு இட்லியோடு எழுந்துவிடாதீர்கள். தினமும் என்ன சாப்பிடுவீர்களோ அதைச் சாப்பிடுங்கள். லேபில் எடுக்கும்போதும் இதே கதைதான், நல்ல மார்க் வாங்கும் ஆசையில் நாமே நம்மை ஏமாற்றிக்கொள்கிறோம்.

கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்த பிறகே குத்துங்கள். மாம்பழம் நறுக்கிவிட்டு அப்படியே குத்தியதில் அக்காவுக்கு 211 காட்டியது. கழுவிவிட்டு அடுத்த விரலில் பார்த்தால் 118.

நான்காவது எனக்கே புதிது: ரத்தசோகை இருந்தால் குளுக்கோமீட்டரும் கொஞ்சம் கூட்டிக்காட்டும். துளி ரத்தத்தில் அணுக்கள் குறைவாக, நீர் அதிகமாக இருப்பதால். பட்டை டப்பாவுக்குள் மடித்து வைத்திருக்கும் தாளில், ரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை சதவீதம் என்று சொல்லும் ஹீமட்டோகிரிட் எந்த அளவுக்குள் இருந்தால் அந்தப் பட்டை சரியாக வேலை செய்யும் என்று போட்டிருக்கும். உங்கள் சிபிசியிலும் ஹீமட்டோகிரிட் இருக்கும், ஒப்பிடுங்கள். எப்படியும் மீட்டர் எண்ணை 15 சதவீதம் முன்னே பின்னே என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். நோய் உண்டா இல்லையா என்ற முடிவை மீட்டரை வைத்து யாரும் எடுக்க மாட்டார்கள்.

முடிவு எடுக்க லேபில் குளுக்கோஸ் குடித்துச் செய்யும் ஜிடிடி. 250 ரூபாய் கொடுத்தோம். காலையில் வெறும் வயிற்றில் ரத்தம் எடுத்துவிட்டு, 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்து ஐந்து நிமிடத்துக்குள் குடிக்க வேண்டும், இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி ரத்தம். 140க்குக் கீழே இயல்பு, 200 அல்லது மேலே சர்க்கரை நோய். முந்தைய மூன்று நாளும் வழக்கம்போலச் சோறு சாப்பிட வேண்டும். பயந்துபோய் சோற்றை விட்டுவிட்டுப் போனால் எண் கூடுதலாக வரும். நடுவில் இரண்டு மணி நேரமும் லேபிலேயே உட்கார்ந்திருங்கள், கடைத்தெருவைச் சுற்றிவிட்டு வராதீர்கள். வாந்தி எடுத்துவிட்டால் அன்று செல்லாது, இன்னொரு நாள்தான். சர்க்கரை மாத்திரை ஏற்கெனவே ஆரம்பித்துவிட்டீர்கள் என்றால் டாக்டரிடம் முதலில் சொல்லுங்கள், இந்தப் பரிசோதனையின் அர்த்தமே மாறிவிடும். அக்கா மாத்திரை அட்டையை வாங்கி வைத்திருந்தாளே தவிரப் பிரிக்கவில்லை, அது எங்கள் அதிர்ஷ்டம்.

அவளுக்கு 90, இரண்டு மணி நேரத்தில் 124.

6. டாக்டரிடம் என்ன எடுத்துப்போவது

மூன்றே காகிதம் போதும்: முழு ரிப்போர்ட் (முதல் பக்கம் மட்டும் இல்லை), வீட்டில் எழுதிய சர்க்கரைத் தாள், சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் பட்டியல். பட்டியலில் இரும்பு மாத்திரை, மூட்டுவலிக்குப் போட்ட ஸ்டீராய்டு ஊசி, சித்த மருந்து எல்லாம் வரட்டும்.

கேட்காவிட்டாலும் நீங்களாகச் சொல்ல வேண்டியவை: கடந்த நான்கு மாதத்தில் ரத்தம் ஏற்றினார்களா, ரத்ததானம் செய்தீர்களா, அறுவை சிகிச்சை நடந்ததா, மாதவிடாயில் எத்தனை நாள் எவ்வளவு படுகிறது, மூலத்தில் ரத்தம் போகிறதா, கர்ப்பமா, சிறுநீரகப் பிரச்சினையா. அக்கா ஆண் டாக்டர் என்று சங்கடப்பட்டு மாதவிடாயைப் பற்றி முதல் இடத்தில் வாயே திறக்கவில்லை.

இன்னும் சந்தேகம் மிச்சம் இருந்தால் ஃப்ரக்டோசமின் என்று ஒன்று இருக்கிறது, டாக்டரிடம் கேட்கலாம். அது சிவப்பணுவை விட்டுவிட்டு ரத்தத்தில் இருக்கும் புரதத்தில் ஒட்டிய சர்க்கரையைப் பார்க்கும். இரண்டு மூன்று வாரச் சராசரிதான் தரும், ஆனால் ரத்தசோகை அதைக் கெடுக்காது. எல்லா ஊர் லேபிலும் செய்வதில்லை, மாதிரியைப் பெரிய ஊருக்கு அனுப்புவார்கள், மூன்று நான்கு நாள் ஆகும். ஜிடிடி தெளிவாக இருந்ததால் எங்களுக்குத் தேவைப்படவில்லை.

7. எண் தலைகீழாக இருந்தால்

வெறும் வயிற்றில் 131, எச்பிஏ1சி 5.6 என்று வருகிறவர்களும் உண்டு. முதலில் அந்தக் காலையைச் சந்தேகப்படுங்கள்: தூக்கமில்லாத இரவு, காய்ச்சல், ஸ்டீராய்டு, ரகசியக் காபி. இன்னொரு நாள் வெறும் வயிற்றில் எடுங்கள், நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். மறுபடியும் 126க்கு மேல் வந்தால் எச்பிஏ1சி நன்றாக இருக்கிறதே என்று சமாதானம் ஆகாதீர்கள், அது சர்க்கரை நோய்தான். டயாலிசிஸ் செய்பவர்கள், ரத்தம் ஏற்றியவர்கள், கர்ப்பிணிகள் இவர்களுக்கு எச்பிஏ1சி இறங்கிக்காட்டும் என்பதால் இந்தக் குழப்பம் அதிகம் வரும்.

8. மறுபடி எப்போது எடுப்பது

அக்காவுக்கு இரும்பு மாத்திரை எழுதினார்கள், கூடவே, மாதவிடாயில் ரத்தம் அதிகம் போகக் காரணமாக இருந்த கர்ப்பப்பைக் கட்டிக்கு வைத்தியம். அந்த ஓட்டை அடைபடாமல் எவ்வளவு இரும்பு ஊற்றினாலும் நிற்காது. இரும்பு மாத்திரையை டீ, காபியோடு சேர்த்துப் போடக் கூடாது, உடம்பில் சரியாக ஒட்டாது. மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம்.

இரண்டாவது குழி இங்கேதான். ஏழாவது வாரம் பொறுமையில்லாமல் எச்பிஏ1சி எடுத்துப் பார்த்தோம், 5.5. வீட்டில் பாயசம் வைத்தாள். டாக்டர் அந்தக் காகிதத்தைப் பார்த்துவிட்டு, "இதுவும் சரியில்லை" என்றார். இரும்பு கிடைத்ததும் எலும்பு மஜ்ஜை புது அணுக்களை அள்ளி விடும். எல்லாம் பிஞ்சு அணுக்கள், சர்க்கரை ஒட்ட நேரமே கிடைக்காதவை. அந்தச் சமயம் எண் உள்ளதைவிடக் குறைவாக வரும். ஹீமோகுளோபின் இயல்புக்கு வந்து, அதற்கு மேல் மூன்று மாதம் போன பிறகு எடுப்பதுதான் கணக்கு.

ஆகஸ்ட் கடைசியில் எடுத்தோம். சிபிசி 300, எச்பிஏ1சி 500. இந்த முறை பழைய லேபிலேயே எடுத்தோம், ஒப்பிட வசதியாக இருக்கட்டும் என்று. ஹீமோகுளோபின் 12.3, எச்பிஏ1சி 5.8.

5.8 என்பதும் 5.7 கோட்டுக்கு ஒரு புள்ளி மேலேதான். எங்கள் அப்பாவுக்குச் சர்க்கரை உண்டு. அதனால் மாத்திரை அட்டையைத் திருப்பிக் கொடுத்தாலும், வருடத்துக்கு ஒரு தரம் எச்பிஏ1சியும் சிபிசியும் சேர்த்தே எடுக்க டாக்டர் சொல்லியிருக்கிறார். அடுத்தது வரும் ஆகஸ்டில். காலண்டரில் அக்கா குறித்து வைத்திருக்கிறாள், பக்கத்தில் "நாலாம் பக்கம்" என்றும் எழுதி.